7.40 சரி, எந்த நாள்?

சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வெள்ளி இரவு, ஒன்பதரை மணி போல, என் போனுக்கு ஒரு படம் வந்தது. அனுப்பியவள் உப்புவெளியிலிருந்து திருகோணமலை உவர்மலைக்கு என்னிடம் புவியியல் படிக்க வரும் பதினோராம் வகுப்புப் பிள்ளை. வேறோர் இடத்தில் கொடுத்த பயிற்சித்தாளின் கணக்கு ஒன்றை மேசை விளக்கின் கீழ் சரிவாகப் பிடித்து எடுத்திருந்தாள். வலப்பக்க ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. கணக்கின் கீழே அவள் பென்சிலால் செய்து, அழித்து, திரும்பவும் செய்த தடம் தெரிந்தது. படத்தோடு நாலு வரி.

“ரீச்சர், விடைத்தாளில ஞாயிறு என்று போட்டிருக்கு. எனக்கு சனி வருது. ஆனா என்ட விடைதான் பிழை போல. பிளேன் டோக்கியோவில வெளிக்கிட முதலே அமெரிக்காவுக்குப் போய்ச் சேருது.”

கணக்கு இதுதான்: வெள்ளிக்கிழமை பி.ப. 11.00 மணிக்குக் கொழும்பிலிருந்து (80° கி) புறப்படும் விமானம் 9 மணித்தியாலங்கள் பறந்து டோக்கியோவை (140° கி) அடைகிறது. அங்கு 3 மணித்தியாலங்கள் தரித்து நின்று, மேலும் 10 மணித்தியாலங்கள் பறந்து சான் பிரான்சிஸ்கோவை அடைகிறது. நெடுங்கோட்டு வேறுபாட்டைக் கொண்டு, விமானம் ஒவ்வொரு நகரையும் அடையும் தல நேரத்தையும் கிழமையையும் கணிக்குக.

சான் பிரான்சிஸ்கோவின் நெடுங்கோடு எங்கே என்று கேட்பீர்கள். படத்தில் அது அரைகுறையாகத்தான் இருந்தது. அடைப்புக்குறிக்குள் “120°” என்று தெரிந்தது. அதற்கு அடுத்த எழுத்தோடு தாளின் ஓரம் முடிந்துவிட்டது. அந்த எழுத்து கிழக்கா மேற்கா என்பதில் விடை முழுதும் தொங்குகிறது. கிழக்கு என்று எடுத்தால் விமானம் சனி இரவு 11.40க்கு இறங்கும், மேற்கு என்றால் சனி காலை 7.40. இரண்டுமே பார்க்க நல்ல விடை போலத்தான் இருக்கும். கணக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எது பிழை என்று தெரியாது.

படத்தை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். 120°க்குப் பிறகு ஒரு இரட்டைக்கொம்பு மட்டும் நின்றது, அதற்கப்பால் ஒன்றுமில்லை. அது போதும். “கி” என்று இருந்திருந்தால் முதலில் க தெரிந்திருக்கும். “மே” என்று எழுதும்போதுதான் கொம்பு முன்னால் வந்து ம பின்னால் நிற்கும். வெட்டுப்பட்டது ம, தப்பியது கொம்பு. ஆகவே மேற்கு.

கொம்பும் தெரியாமல் போயிருந்தால் தேசப்படம் கைகொடுத்திருக்கும். 120° கிழக்கு என்பது பிலிப்பைன்ஸ், தாய்வான் பக்கம். டோக்கியோவிலிருந்து அங்கே போக நாலைந்து மணித்தியாலம் போதும்; கணக்கோ பத்து மணித்தியாலம் என்கிறது. சான் பிரான்சிஸ்கோவின் உண்மையான நெடுங்கோடு ஏறத்தாழ 122° 25′ மேற்கு. கணக்குப் போட்டவர் அதை 120 ஆக முழுமையாக்கியிருக்கிறார். கொழும்பும் டோக்கியோவும் அப்படியே முழுமையாக்கப்பட்டவைதான்.

படமெடுத்து அனுப்பும் கணக்குகளில் இன்னொரு தொல்லை பாகைக் குறி. போட்டோக்கொப்பியில் அது எழுத்தின் உயரத்துக்கு இறங்கிப் பூச்சியம் போல நிற்கும். 140° என்பது 1400 என்று தெரிந்தால் பயமில்லை, நெடுங்கோடு 180க்கு மேல் போகாது என்று எல்லாருக்கும் தெரியும். 8° என்பது 80 என்று தெரிந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் 80 என்று ஒரு நெடுங்கோடு இருக்கிறது. அங்கேயும் ஊர்ப்பெயரைத் தேசப்படத்தில் தேடிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சரி, அவளுடைய கணக்குக்கு வருவோம்.

பூமி 24 மணித்தியாலத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதனால் ஒரு பாகைக்கு 4 நிமிடம். கொழும்பு 80 பாகை கிழக்கே இருப்பதால் அதன் தல நேரம் கிறீன்விச்சை விட 320 நிமிடம், அதாவது 5 மணி 20 நிமிடம் முந்தியது. டோக்கியோ 560 நிமிடம், 9 மணி 20 நிமிடம் முந்தியது. சான் பிரான்சிஸ்கோ 480 நிமிடம், 8 மணித்தியாலம் பிந்தியது. இவ்வளவும் பிள்ளைகள் எல்லாரும் பிழையில்லாமல் செய்வார்கள்.

தடுமாற்றம் அடுத்த படியில்தான் தொடங்கும். பறந்த நேரத்தை எந்த மணிக்கூட்டில் கூட்டுவது? ஒன்பது மணித்தியாலம் என்பது உண்மையாகக் கழிந்த நேரம். அதை ஏதாவது ஒரே மணிக்கூட்டில் கூட்ட வேண்டும். கொழும்பு மணிக்கூட்டில் பாதி, டோக்கியோ மணிக்கூட்டில் பாதி என்று கலந்தால், ரூபாயையும் டொலரையும் ஒரே தொகையாகக் கூட்டியது போல ஆகிவிடும். நான் எப்போதும் கிறீன்விச் மணிக்கூட்டில் கூட்டச் சொல்வேன். புறப்படும் நேரத்தை முதலில் கிறீன்விச்சுக்கு மாற்று, கழிந்த நேரமெல்லாவற்றையும் அங்கேயே கூட்டு, கேட்ட ஊர் வரும்போது மட்டும் அந்த ஊர் நேரமாக மாற்று. கிழமையையும் நேரத்தோடு சேர்த்தே எழுதிக்கொண்டு போ. இப்படி:

```
புறப்பாடு    கொழும்பு வெள்ளி 23.00 − 5.20   = கிறீன்விச் வெள்ளி 17.40
+ 9.00                                      = கிறீன்விச் சனி 02.40
டோக்கியோ    02.40 + 9.20                    = சனி 12.00
+ 3.00 + 10.00                              = கிறீன்விச் சனி 15.40
சான் பிரான்சிஸ்கோ    15.40 − 8.00           = சனி 07.40
```

டோக்கியோவில் சனி நண்பகல் 12.00. சான் பிரான்சிஸ்கோவில் சனி மு.ப. 7.40. உப்புவெளிப் பிள்ளையின் விடை சரி, அச்சிட்ட விடை பிழை. அன்றிரவே அவளுக்கு “சனிதான் சரி, அழிக்காதே, நாளைக்கு வகுப்பில பார்ப்பம்” என்று எழுதினேன்.

மறுநாள் ஏப்ரல் 12, சனி. அந்தப் படம் ஏற்கெனவே கைமாறிக் கைமாறிப் பலரிடம் போயிருந்தது. வந்திருந்த பிள்ளைகளில் நால்வர் கணக்கைச் செய்துகொண்டு வந்திருந்தார்கள். நாலு கொப்பியையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையில் சந்தோசமாக இருந்தது. நிலாவெளிப் பையனுக்கு வெள்ளி 7.40. உப்புவெளிப் பிள்ளைக்கு சனி 7.40. மூதூர்ப் பையனுக்கு, விடைத்தாளில் உள்ளபடியே, ஞாயிறு 7.40. கிண்ணியாப் பிள்ளைக்கு மட்டும் சனி 7.30. இப்படி ஒரே கணக்கில் எல்லாப் பிழையும் வரிசையாக வந்து நிற்பது அடிக்கடி கிடைக்காது.

முதல் மூவரின் விடையிலும் நிமிடம் வரை நேரம் ஒன்று, கிழமைதான் வேறு. மூவருமே கிறீன்விச் பக்கம் போகாமல், டோக்கியோவிலிருந்து நேரே சான் பிரான்சிஸ்கோவுக்குத் தாவியிருந்தார்கள். டோக்கியோவில் சனி பி.ப. 3.00க்குப் புறப்பாடு, பத்து மணித்தியாலம் கழிய டோக்கியோ மணிக்கூட்டில் ஞாயிறு மு.ப. 1.00. இதுவரை மூவரும் ஒன்று. அதற்குப் பிறகு இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட நெடுங்கோட்டு வேறுபாட்டை எடுக்க வேண்டும். அதை எடுக்க இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, டோக்கியோவிலிருந்து மேற்கே ஆசியா, ஐரோப்பா, அட்லாண்டிக், அமெரிக்கா என்று கிறீன்விச்சைக் கடந்து போவது. 140 உம் 120 உம் சேர்த்து 260 பாகை, 17 மணி 20 நிமிடம். மேற்கே போகப் போக நேரம் பிந்தும்; ஆகவே ஞாயிறு 1.00 இலிருந்து 17.20 கழித்தால் சனி 7.40. உப்புவெளிப் பிள்ளை செய்தது இதுதான்.

மற்றது, டோக்கியோவிலிருந்து கிழக்கே பசிபிக்கைத் தாண்டிப் போவது. 360 இலிருந்து 260 போக 100 பாகை, 6 மணி 40 நிமிடம். கிழக்கே போகப் போக நேரம் முந்தும், ஞாயிறு 1.00 உடன் 6.40 கூட்டினால் ஞாயிறு 7.40. ஆனால் இந்த வழியில் 180 பாகையில் சர்வதேச திகதிக் கோடு குறுக்கே வருகிறது. மேற்கிலிருந்து கிழக்கே அதைத் தாண்டினால் ஒரு நாள் குறைய வேண்டும். குறைத்தால் சனி 7.40.

இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து சேர்வதற்குக் காரணம் இருக்கிறது. 17.20 உம் 6.40 உம் கூட்டிப் பாருங்கள், சரியாக 24.00. பூமியை முழுச்சுற்று சுற்றினால் ஒரு நாள் மிஞ்சும் அல்லது குறையும். அந்த ஒரு நாளை எங்கேயாவது ஓரிடத்தில் தீர்த்தாக வேண்டும் என்றுதான் ஆள் குறைந்த பசிபிக் நடுவில் கோட்டைப் போட்டிருக்கிறார்கள். மகெல்லனின் பயணத்தில் மிஞ்சிய கப்பல் 1522 ஜூலையில் கேப் வெர்டே தீவுகளில் ஒதுங்கியபோது, நாட்குறிப்பை ஒரு நாளும் தவறாமல் எழுதிவந்த பிகபெற்றா தன் கணக்கில் புதன் என்றிருக்க, கரையில் இருந்தவர்கள் வியாழன் என்று சொன்னதைக் கேட்டுத் திகைத்தார். மேற்கு நோக்கியே உலகைச் சுற்றி வந்தவர்களுக்கு ஒரு நாள் குறைந்திருந்தது. அப்போது திகதிக் கோடு இல்லை. இந்தக் கதையை மூதூர்ப் பையன் கொப்பியின் ஓரத்தில் குறித்துக்கொண்டான்.

அவனுடைய பிழை இப்போது தெரிந்திருக்கும். அவன் 100 பாகை வழியை எடுத்தான், ஆனால் கோட்டைத் தாண்டியதற்கு நாளைக் குறைக்கவில்லை. விடைத்தாளைத் தயாரித்தவரும் இதையேதான் செய்திருப்பார் என்று நினைக்கிறேன். விமானம் உண்மையிலேயே கிழக்கே பறப்பதால் இந்த வழிதான் இயல்பாகக் கைக்கு வரும்.

நிலாவெளிப் பையனின் பிழை அதைவிட நுட்பமானது, கெட்டிக்காரப் பிள்ளைகள் விடும் பிழை. அவன் 260 பாகை வழியில் கழித்து சனி 7.40 என்று சரியாக எடுத்துவிட்டான். பிறகு தேசப்படத்தைப் பார்த்தான். “பிளேன் பசிபிக்காலதானே போனது ரீச்சர், திகதிக் கோட்டைத் தாண்டினது. ஒரு நாள் குறைக்கத்தானே வேணும்?” என்று கேட்டான். விமானம் தாண்டியது உண்மை. ஆனால் அவனுடைய கணக்கு தாண்டவில்லை. அவன் பேனையால் போன வழி ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் மேலால். அந்த வழியில் கோடே இல்லை, நாள் தானாகவே கழிந்துவிட்டது. நாளைக் குறைப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கணக்குப் போன பாதை. விமானம் எப்பக்கத்தால் பறந்தது என்பதை நீங்கள் பறந்த நேரத்திலேயே சேர்த்துவிட்டீர்கள், அது திரும்பவும் உள்ளே வரத் தேவையில்லை. இதை அவனுக்கு விளங்கவைக்க ஒரு தோடம்பழமும் பேனையும் தேவைப்பட்டன. பழத்தில் இரண்டு புள்ளி வைத்து, இரு பக்கத்தாலும் கோடு இழுத்து, ஒரு கோட்டில் மட்டும் குறுக்கே ஒரு வெட்டுப் போட்டுக் காட்டினேன். அப்புறம் அவனே பழத்தைச் சுழற்றிப் பார்த்து “ஓ, நான் அந்தப் பக்கத்தால வந்திருக்கிறன்” என்றான்.

பிழை எங்கே என்று தெரியாவிட்டாலும், பிழை இருக்கிறது என்பதை எப்படிப் பிடிப்பது? விடையைக் கிறீன்விச்சுக்குத் திருப்பி மாற்றிக் கழிந்த நேரத்தைப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவில் வெள்ளி 7.40 என்றால் கிறீன்விச்சில் வெள்ளி 15.40. விமானம் கொழும்பிலிருந்து கிளம்பியதே கிறீன்விச் வெள்ளி 17.40க்கு. இரண்டு மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது, அது நடக்காது. ஞாயிறு 7.40 என்றால் கிறீன்விச் ஞாயிறு 15.40, கழிந்தது 46 மணித்தியாலம். கணக்கில் தந்திருப்பதோ 9, 3, 10, மொத்தம் 22. சனி என்று எடுத்தால்தான் சரியாக 22 வருகிறது. சோதிக்க ஒரு நிமிடம் போதும். கிழமை கேட்கும் எந்தக் கணக்கிலும் இந்தச் சோதனையை நான் கடைசி வரியாக எழுதச் சொல்வேன்.

இனி உப்புவெளிப் பிள்ளையின் கவலை. அவளுக்கு இந்தச் சோதனை காட்டியும் மனம் ஆறவில்லை. டோக்கியோவில் சனி பின்னேரம் மூன்று மணிக்குக் கிளம்பி, அதே சனி காலை 7.40க்கு இறங்குவது எப்படி? கிறீன்விச் வரிகளில் பின்னோக்கிப் போன நேரம் எதுவும் இல்லை, 05.40க்குக் கிளம்பியது, 15.40க்கு இறங்கியது. பின்னால் போவது சுவரில் தொங்கும் மணிக்கூடுகள் மட்டும்தான். இரண்டு ஊர் மணிக்கூடுகளுக்கும் உள்ள இடைவெளி 17 மணி 20 நிமிடம், பறந்த நேரம் 10 மணித்தியாலம். இடைவெளி பறந்த நேரத்தை விடப் பெரிதாக இருக்கும்போது, மேற்கே பிந்திய நேரமுள்ள ஊரில் இறங்கும் நேரம் கிளம்பிய நேரத்துக்கு முந்தியதாகவே தெரியும். வித்தியாசம் 7 மணி 20 நிமிடம். டோக்கியோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பின்னேரம் கிளம்பும் விமானங்கள் அதே திகதியில் காலையில் இறங்குவது விமான நிலைய நேர அட்டவணைகளில் சாதாரண விசயம்.

அவளுக்குப் பிடித்தது வேறொரு விளக்கம். அந்த விமானத்தில் யன்னலோரம் இருக்கும் ஆளை நினைத்துப் பார் என்றேன். டோக்கியோவுக்கு வரும் வழியில் அவருக்கு ஒரு விடியல் வந்தது, அது சனி காலை. டோக்கியோவில் மதியம் கழிந்து கிளம்புகிறார். கிழக்கே, பூமி சுழலும் பக்கத்துக்கே பறப்பதால் சீக்கிரம் இருட்டுகிறது. பசிபிக் மேலே ஒரு குறுகிய இரவு. திரும்ப விடிகிறது, இறங்குகிறார். அவருக்கு விடியல் இரண்டு, நடுவில் இரவு ஒன்று, ஆனால் அந்த இரண்டு விடியலுக்கும் பெயர் சனி காலைதான். திகதிக் கோட்டைத் தாண்டும்போது குறைத்த நாள் இதுதான். அவருக்கு ஒரு பகல் கூடுதலாகக் கிடைத்ததால் பெயரில் ஒன்றைக் குறைத்துக் கணக்கை நேராக்குகிறோம். “அப்ப சனிக்கிழமைய ரெண்டு தரம் பாத்திருப்பார்” என்று அவள் சொன்னாள். ஓம், அதேதான்.

கிண்ணியாப் பிள்ளையின் 7.30 வேறு வகை. அவள் நெடுங்கோட்டைத் தொடவே இல்லை. போனில் உலக மணிக்கூட்டைத் திறந்து, கொழும்புக்கும் டோக்கியோவுக்கும் மூன்றரை மணித்தியாலம் வித்தியாசம் என்று பார்த்து, அதை வைத்துச் செய்திருந்தாள். டோக்கியோவில் சனி மு.ப. 11.30 என்று வந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கு, அங்கே அப்போது மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைக்கும் கோடை நேரம் நடப்பதைக் கவனித்து அந்த ஒரு மணித்தியாலத்தைக் குறைத்து, 7.30 என்று எடுத்திருந்தாள். அந்த ஒரு மணித்தியாலத்தைக் குறைக்காமல் விட்டால் விமானச் சீட்டு வாங்கும் ஆளுக்கு உதவும் கணக்கு இது. ஆனால் கேள்வி நெடுங்கோட்டு வேறுபாட்டைக் கொண்டு தல நேரத்தைக் கேட்கிறது. போன் காட்டுவது ஒரு நாடோ பிரதேசமோ முழுவதும் ஒன்றாக வைத்துக்கொள்ளும் நியம நேரம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்கத் திருகோணமலையை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இலங்கையின் நியம நேரம் கிறீன்விச்சை விட 5 மணி 30 நிமிடம் முந்தியது. அதற்குரிய நெடுங்கோடு 82° 30′ கிழக்கு. அந்தக் கோடு இலங்கையைத் தொடுவதில்லை, எங்கள் கரைக்குக் கிழக்கே கடலுக்கு மேலால் போகிறது. திருகோணமலை ஏறத்தாழ 81° 14′. வேறுபாடு 1° 16′, நேரத்தில் 5 நிமிடமும் 4 செக்கனும். எங்கள் மணிக்கூடு பன்னிரண்டு என்று காட்டும்போது சராசரிச் சூரியன் இன்னும் உச்சிக்கு வந்து சேரவில்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆனால் அன்று ஏப்ரல் 12. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில்தான் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் உச்சியில் வரும். முற்றத்தில் ஒரு மீற்றர் நீளக் கம்பி ஒன்றைக் குத்தி, நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்வு சரிபார்த்து, அடியில் கடதாசி விரித்தோம். போனில் சரியாக 12.00 ஆனபோது நிழலின் நுனி கம்பியிலிருந்து மேற்கே இரண்டரை சென்ரிமீற்றர் அளவில் நின்றது. சூரியன் இன்னும் கிழக்கே நிற்கிறது என்று அர்த்தம். பிள்ளைகள் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருக்க அது ஊர்ந்து ஊர்ந்து வந்து, 12.06 போல கம்பியின் காலடிக்குள் புகுந்துகொண்டது. கொஞ்ச நேரத்தில் மற்றப் பக்கத்தால், கிழக்கே, எட்டிப் பார்த்தது.

ஐந்து நிமிடம் என்று கணக்கு சொல்ல, நிழல் ஆறு காட்டியது ஏன் என்று நிலாவெளிப் பையன் கேட்டான். நல்ல கேள்வி. உண்மைச் சூரியன் வருடம் முழுவதும் ஒரே சீராக ஓடுவதில்லை. நவம்பர் தொடக்கத்தில் சராசரியை விட 16 நிமிடம் வரை முந்தும், பெப்ரவரியில் 14 நிமிடம் வரை பிந்தும். ஏப்ரல் நடுவில் இந்த வேறுபாடு ஏறத்தாழப் பூச்சியமாகும், அன்றைக்கு ஒரு நிமிடத்துக்குள்தான் பிந்தியிருந்தது. சூரியனின் தட்டுக்கே அரைப்பாகை அகலம் இருப்பதால் நிழல் நுனி மங்கலாகத்தான் இருக்கும். கையால் அளக்கும்போது ஒன்றிரண்டு நிமிடம் அப்படி இப்படி வரும். பெப்ரவரியில் இதே கம்பியைக் குத்தியிருந்தால் 12.19 வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். பயிற்சிக் கணக்குகளில் “தல நேரம்” என்பது எப்போதும் சராசரித் தல நேரம்தான், இந்த ஏற்றத்தாழ்வை அதில் சேர்ப்பதில்லை.

பழைய பயிற்சித்தாள்களைக் கையாளும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலங்கை 1996 மே மாதம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி 6.30 ஆக்கியது, அதே ஆண்டு ஒக்டோபரில் 6.00க்கு இறக்கியது, 2006 ஏப்ரலில்தான் பழைய 5.30க்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்துக்குள் தயாரித்த தாளில் இலங்கை நியம நேரம் 6 என்று இருந்தால் அதை அச்சுப்பிழை என்று வெட்டக்கூடாது. நெடுங்கோட்டிலிருந்து எடுக்கும் தல நேரத்துக்கு இந்த மாற்றங்கள் ஒன்றும் செய்யவில்லை. கொழும்பு நகரவில்லையே.

கிண்ணியாப் பிள்ளையின் விடையில் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று இருந்தது. டோக்கியோவில் அவள் மற்றவர்களை விட 30 நிமிடம் பிந்தியிருந்தாள், 12.00க்குப் பதில் 11.30. ஆனால் சான் பிரான்சிஸ்கோவில் 10 நிமிட வித்தியாசம்தான். இருபது நிமிடம் எங்கே போனது? ஜப்பானின் நியம நேரம் 135° கிழக்கை வைத்து ஓடுகிறது. டோக்கியோ 140 என்று எடுத்தால், ஐந்து பாகைக்கு 20 நிமிடம் வித்தியாசம் அங்கே உண்டு. கொழும்பின் மணிக்கூடு 82° 30′ ஐ வைத்து ஓடுகிறது, கணக்கில் அது 80, அங்கே 10 நிமிடம். இரண்டும் சேர்ந்துதான் டோக்கியோவில் 30. சான் பிரான்சிஸ்கோவின் நியமக் கோடு 120° மேற்கு, கணக்கில் தந்ததும் அதேதான், வித்தியாசமில்லை. ஆகவே கடைசி விடையில் கொழும்பின் 10 நிமிடம் மட்டும் மிஞ்சியது.

டோக்கியோவின் 20 நிமிடம் மறைந்தது ஏனென்றால், இந்தக் கணக்கில் டோக்கியோவின் நெடுங்கோடு கடைசி விடைக்குத் தேவையே இல்லை. மேலே உள்ள கிறீன்விச் வரிகளைத் திரும்பப் பாருங்கள். டோக்கியோவின் 9.20 ஒரு வரியில் வந்து, அந்த வரியோடு நின்றுவிடுகிறது. கொழும்புக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் 200 பாகை, 13 மணி 20 நிமிடம். வெள்ளி 23.00 உடன் மொத்தம் 22 மணித்தியாலம் கூட்டி 13.20 கழித்தாலும் சனி 7.40தான். படத்தில் டோக்கியோவின் எண் அழிந்திருந்தால்கூடக் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முழுப் புள்ளி எடுக்கலாம். ஆனால் தரிப்பு 3 மணித்தியாலம் என்று கால அளவாகத் தந்திருப்பதால்தான் இது சரிவருகிறது. “டோக்கியோவிலிருந்து அந்நாட்டு நேரப்படி பி.ப. 3.00க்குப் புறப்படுகிறது” என்று கேள்வி சொல்லியிருந்தால், டோக்கியோவின் நெடுங்கோடு கட்டாயம் உள்ளே வரும், அதில் விடும் பிழையும் கடைசிவரை கூடவே வரும். கேள்வியில் எது கால அளவு, எது மணிக்கூட்டு நேரம் என்று இரண்டு நிறத்தில் கோடிடச் சொல்வது இதற்காகத்தான்.

விடைத்தாள் விசயமாக, அதைக் கொடுத்த இடத்துக்கு 22 மணித்தியாலச் சோதனையை எழுதி, உப்புவெளிப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டேன். அச்சில் வந்த விடைக்காகத் தன் சரியான விடையை அவள் இரண்டு தரம் அழித்திருந்தாள். கொப்பியில் அந்த இடத்தில் தாள் தேய்ந்து மயிர் எழும்பியிருந்தது.

வகுப்பு முடியும்போது மூதூர்ப் பையனுக்கு ஒரு திரும்பு பயணம் கொடுத்தேன். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஞாயிறு மு.ப. 10.00க்குக் கிளம்பி, எதிர்க்காற்று என்பதால் 11 மணித்தியாலம் பறந்து டோக்கியோ. வாசலில் நின்றபடியே கொப்பியைத் தொடையில் வைத்துச் செய்தான். கிறீன்விச் ஞாயிறு 18.00, அதோடு 11, திங்கள் 05.00, அதோடு 9.20, திங்கள் பி.ப. 2.20. பிறகு 100 பாகை வழியாலும் செய்து, இந்தமுறை மேற்கே தாண்டுவதால் ஒரு நாளைக் கூட்டி, அதே திங்கள் 2.20 வந்ததைக் காட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான்.